எட்டால் வகுப்பதா, ஏழால் வகுப்பதா?

துணுக்காய்ப் பக்கம் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். தரம் 10இல் பத்துப் பிள்ளைகள். காலபோக அறுவடை நேரத்தில் வைத்த வகுப்புப் பரீட்சைக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். புள்ளிகள் 30, 38, 44, 50, 52, 56, 62, 68. இடை 50.

எக்செலில் நியம விலகல் எடுக்கப் போனால் இரண்டு சூத்திரம் நிற்கிறது.

```
=STDEV.P(B2:B9)
=STDEV.S(B2:B9)
```

முதலாவது 11.66, இரண்டாவது 12.47. "எந்த எண்ணை அறிக்கையில போடுறது, சேர்?" என்று பக்கத்து வகுப்பு ரீச்சர் கேட்டார். தாளை எடுத்துக் கையால் செய்து பார்த்தோம். இடையிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் விலகும் தூரத்தை வர்க்கித்துக் கூட்டினால் 1088. அதை 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 11.66, 7ஆல் வகுத்தால் 12.47. வித்தியாசம் அந்த வகுத்தலில் மட்டும்தான்.

ஏன் 7? இந்த எட்டுத் தாளும் கோட்டம் முழுவதும் எழுதிய ஒரு பரீட்சையிலிருந்து குலுக்கி எடுத்தவை என்று வைத்துக்கொள்வோம். கோட்டத்தின் உண்மையான இடை 53ஆக இருந்தால், அதிலிருந்து எடுத்த வர்க்கக் கூட்டுத்தொகை 1160 வரும். எங்கள் கையில் 53 இல்லை, எட்டுப் பேரின் சொந்த இடையான 50தான் இருக்கிறது. எந்தப் புள்ளித் தொகுதிக்கும் தன் சொந்த இடையிலிருந்து எடுக்கும் கூட்டுத்தொகைதான் ஆகக் குறைந்தது. அதனால் 8ஆல் வகுத்தால் கோட்டத்தின் பரவல் சராசரியாகக் குறைவாகவே மதிப்பிடப்படும். அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் 7.

ஆனால் எங்கள் அறிக்கை கோட்டத்தைப் பற்றியதல்ல. அன்று எழுதிய எட்டுப் பேரின் புள்ளி எவ்வளவு பரந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த எட்டுப் பேரும் கையில் இருக்கிறார்கள், மதிப்பிட ஒன்றும் மிச்சமில்லை. எனவே STDEV.P, 11.66.

வராத இரண்டு பேரை நினைத்து ரீச்சர் மறுபடியும் தயங்கினார். பத்தில் எட்டென்றால் அது முழு வகுப்பின் ஒரு மாதிரிதானே, STDEV.S போட வேண்டாமா? நியாயமான கேள்வி. ஆனால் அந்த இருவரும் குலுக்கலில் விடுபடவில்லை, வயலுக்குப் போனவர்கள். அடிக்கடி வராத பிள்ளைகளின் புள்ளி மற்றவர்களுடையதைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. STDEV.S அந்தக் கோணலை நேராக்காது. அவர்களுடைய கட்டத்தில் 0 போடுவது இன்னும் மோசம், இடை 40க்கு இறங்கிவிடும். கட்டத்தை வெறுமையாக விடுங்கள், அல்லது "வரவில்லை" என்று எழுதுங்கள், எக்செல் அதைக் கணக்கில் எடுக்காது.

நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் இரண்டு விடைக்கும் இடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். எட்டுப் பேரென்றால் ஏழு சதவீதம். வன்னியில் சின்ன வகுப்புகள் நிறைய. அதோடு பழைய கோப்புகளில் வெறும் STDEV என்று இருந்தால் அதுவும் STDEV.Sதான், ஒருமுறை திறந்து பாருங்கள். நாங்கள் இப்போது அட்டவணைக்குக் கீழே "எழுதியோர் 8, வராதோர் 2, STDEV.P" என்று எழுதித்தான் அனுப்புகிறோம்.