படித்துச் சொன்னது நீங்கள்தானே?

“படித்துச் சொன்னது நீங்கள்தானே சார்? அதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட என்ன தயக்கம்?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. மொழிபெயர்ப்பாளரான நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை என்பது அப்போதே தெரிந்தது. எனக்காவது அது போதுமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் அவர் மகள் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தார். பிறப்புச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லை, அனுப்பு என்று அங்கிருந்து கடிதம் வந்துவிட்டது. பெரியவரின் செல்போனில் சான்றிதழின் புகைப்படம் இருந்தது. மகள் தொலைபேசியில் கேட்கக் கேட்க நான் படித்தேன்: பெயர், பிறந்த தேதி, தாய் தந்தை, ஊர். சில நிமிட வேலை. நாங்கள் பேசி முடிப்பதற்குள் மகள் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கீழே ‘இது முழுமையானது, பிழையற்றது, இரண்டு மொழிகளும் எனக்குத் தெரியும்’ என்ற உறுதிமொழியையும் சேர்த்து, என் கையெழுத்துக்கு இடம் விட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

நான் படித்ததில் தவறு ஏதும் இல்லை. சங்கடமே அதில்தான் இருக்கிறது. தவறு இருந்திருந்தால் மறுப்பதற்குக் காரணம் சொல்வது சுலபம்.

மகள் கேட்டது நான்கு விவரம். நான் சொன்னதும் நான்கு விவரம். தெரிந்துகொள்வதற்கு அது போதும். ஆனால் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் விதி கேட்பது வேறு. வேற்று மொழி இடம்பெற்ற எந்த ஆவணத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, சரியானது என்றும் மொழிபெயர்க்கத் தனக்குத் தகுதி உண்டு என்றும் மொழிபெயர்ப்பாளரே உறுதி கூற வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தயாரித்த சுருக்கத்தை அந்தத் துறை ஏற்பதில்லை. பதிவு எண், முத்திரையில் உள்ள எழுத்து, ஓரக் குறிப்பு எல்லாமே ‘முழு’ என்பதில் அடக்கம். மதிப்பெண் பட்டியல் இரண்டு மொழியில்தானே இருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் மேல் பள்ளியின் தமிழ் முத்திரை விழுந்திருந்தால் அதையும் பெயர்த்தாக வேண்டும். (நோட்டரி முத்திரை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் ஒரு நம்பிக்கை. அமெரிக்க விதி நோட்டரியைக் கேட்பதே இல்லை. நோட்டரி சாட்சி சொல்வது கையெழுத்துக்குத்தான், மொழிபெயர்ப்புக்கு அல்ல. கனடாவுக்கு அனுப்பும்போது கணக்கு வேறு.)

அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1991இல் பிறந்த குழந்தைக்குக் கையால் எழுதிக் கொடுத்த படிவம். நடுவில் மடிப்பின் நிழல். கீழ் மூலையில் தாளைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல், அதற்கடியில் பாதி முத்திரை. இடது ஓரத்தில், மற்ற எழுத்திலிருந்து மாறுபட்ட நீல மையில், ‘பெயர் பின்னர்’ என்று தொடங்கிய ஒரு குறிப்பு. மிச்சம் படத்தில் இல்லை. ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.

அது என்ன குறிப்பு என்பதை நம் ஊர்ச் சான்றிதழ்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஊகித்துவிடுவார்கள். பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவது வழக்கம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் 14ஆவது பிரிவின்படி, பிறகு பெயரைத் தெரிவித்தால் பதிவாளர் அதைப் பதிவேட்டில் சேர்த்து, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அப்படியானால் அந்தக் குறிப்பில் ஒரு தேதி இருந்திருக்கும். எந்தத் தேதி? குழந்தைக்கு ஒரு வயதிலா, பள்ளியில் சேர்க்கும்போதா? தொலைபேசியில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. பெயர் எப்போது ஏறியது என்பது, வேற்று நாட்டில் அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அவருக்குத் தமிழ் தெரியாது. தாளில் என்ன இருக்கிறது என்பதற்கு என் கையெழுத்து ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம்.

இன்னொன்று. மகள் தட்டச்சு செய்ததில் ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று இருந்தது. தாளில் இருந்தது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். பேச்சில் இப்போதைய பெயரைச் சொல்வது இயல்பு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மொழிபெயர்ப்பில் தாளில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். மாவட்டம் பிரிந்த சேதியை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகத் தனியே சேர்க்கலாம். பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கிறதே என்பதற்காகச் சான்றிதழைத் திருத்தும் உரிமை எனக்குக் கிடையாது.

“மாவட்டத்தை மாற்றிவிடலாம் ஐயா. ஆனால் முழுத்தாளும் தெரியும்படி இன்னொரு படம் வேண்டும், இல்லையென்றால் மூலத்தைக் கொண்டுவாருங்கள்” என்றேன். மூலம் காவேரிப்பட்டணம் பக்கத்து ஊரில், வீட்டுப் பெட்டியில் இருந்தது. மகன் பெங்களூரில். அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வேறு வழி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிக்க முடியாத இடத்தில் ‘தெளிவாக இல்லை’ என்று பகர அடைப்புக்குறிக்குள் எழுதி, மற்றதை மொழிபெயர்த்துக் கையெழுத்திடுவது இந்தத் தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். அப்படிச் செய்திருந்தால் அவர் அன்றைக்கே கையில் தாளோடு போயிருப்பார். ஆனால் அந்த அடைப்புக்குறி கரையான் அரித்த தாளுக்கு, மை கலைந்த முத்திரைக்கு. தாள் முழுசாக வீட்டில் இருக்கும்போது, படம் எடுத்தவரின் அவசரத்தை ஆவணத்தின் குறையாக எழுதுவது எப்படி நியாயம்? மொழிபெயர்ப்போடு சான்றிதழின் நகலும் போக வேண்டும். அந்தப் படம்தான் நகலாகவும் போயிருக்கும். ஓரமில்லாத நகலுக்கு ‘முழுமையானது’ என்று உறுதிமொழி. எனக்கு அது ஒப்பவில்லை.

இப்படிச் சொல்லும்போது எனக்கு நானே வாதாடுவதுபோலவும் தோன்றுகிறது. அந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்ப அதிகபட்சம் 12 வாரம் தருவார்கள். அதில் பெரும்பகுதி கழிந்திருந்தது. அவருக்கு வயது எழுபதுக்குக் குறையாது. பஸ் ஏறி வந்தவரைத் திரும்ப அனுப்பினேன்.

அவர் மறுபடி வரவில்லை. வேறோர் இடத்தில் அந்தத் தட்டச்சுத் தாளில் அப்படியே கையெழுத்து வாங்கிக்கொண்டார் என்று அவருடைய உறவினர் ஒருவர் பின்னால் சொன்னார். மகளுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதாம். மாவட்டமும் கேட்கப்படவில்லை, ஓரக் குறிப்பும் கேட்கப்படவில்லை.

கேட்டதும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு, நான் எதைக் காப்பாற்றினேன் என்று யோசித்தேன். அந்த மகள் நாளைக்குக் குடியுரிமை பெற்றுப் பெற்றோரை அழைக்க நினைத்தால், உறவை நிரூபிக்க இதே பிறப்புச் சான்றிதழைத்தான் மீண்டும் கொடுக்க வேண்டும். அப்போது வேறொருவர் மூலத்தைப் பார்த்து ஓரக் குறிப்போடு, தர்மபுரி மாவட்டத்தோடு ஒழுங்காக மொழிபெயர்த்தால், ஒரே தாளுக்கு ஒத்துப்போகாத இரண்டு மொழிபெயர்ப்புகள் இருக்கும். கேள்வி அப்போது எழலாம். எழாமலும் போகலாம். கையெழுத்திட்டவர் அந்தக் குடும்பத்துக்கு அவசரத்தில் உதவினார் என்பதையும் என்னால் மறுக்க முடியவில்லை. பெரியவர் மூலத்தோடு வந்தால், ஓரக் குறிப்பின் தேதி வரை இன்றும் எழுதிக் கொடுப்பேன்.