போதிமரத்தடியில் உதிர்ந்த இலை

புத்தகயா மகாபோதிக் கோயிலின் மேற்குப் புறத்தில் போதிமரம் நிற்கிறது. விடியற்காலையில் கல்லூரி மாணவர்களோடு அதன் அடியில் அமர்ந்திருந்தேன். உதிரும் இலை ஒன்றாவது கிடைக்காதா என்று எல்லோர் கண்ணும் மேலேயே இருந்தது.

ஓர் இலை சுழன்று சுழன்று என் முழங்காலருகே இறங்கியது. பாதி பழுத்த மஞ்சள், வால்போல் நீண்ட நுனி. நான் கை நீட்டுவதற்குள் ஒரு சிறுவன் எடுத்துக்கொண்டான். ‘என் இலை!’ என்று மனம் சுருக்கென்றது. சற்று முன்வரை கிளையில் இருந்த இலை எப்போது என்னுடையதாயிற்று?

இது இருந்தால் அது உண்டாகும், இது நீங்கினால் அதுவும் நீங்கும். ஞானம் பெற்ற பின் புத்தர் இந்த மரத்தடியில் சிந்தித்த சார்பில் தோற்றம் இதுதான். துன்பம் எழும் இந்தச் சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளையும் மணிமேகலையின் கடைசிக் காதை பேதைமை தொடங்கி வினைப்பயன் வரை தமிழிலேயே சொல்கிறது. நடுவிலுள்ள நான்கை மட்டும் மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். கண்ணும் இலையும் பார்வையும் கூடியது ஊறு. அதனால் எழுந்த இனிமை நுகர்வு. வேண்டும் என்ற தவிப்பு வேட்கை. ‘என்னுடையது’ என்று இறுகியது பற்று. கண் திறந்திருக்கும்வரை ஊறும் நுகர்வும் வந்தே தீரும். ஞானியருக்கும் அவை உண்டு. ஆனால் நுகர்வு வேட்கையாக மாறியே ஆகவேண்டும் என்பதில்லை. சங்கிலியை அறுக்க இடம் இருப்பது அங்கேதான்.

“நான் என்று ஒன்று இல்லை என்கிறதே பௌத்தம், அப்படியென்றால் இலைக்காக வருந்தியது யார் ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

மோலியபக்குனர் என்ற பிக்கு ஏறக்குறைய இதையே புத்தரிடம் கேட்டார். ‘யார் நுகர்கிறார்’ என்று கேட்பது பொருந்தாது, ‘எதைச் சார்ந்து நுகர்வு எழுகிறது’ என்று கேள் என்றார் புத்தர். எதிரே நின்ற மரத்தை அவளுக்குக் காட்டினேன். இங்கிருந்த பழைய மரம் 1876-இல் புயலில் சாய்ந்தது. 1881-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் கன்னிங்காம் நட்ட கன்றுதான் இன்றைய மரம். புத்தர் அமர்ந்த மரமா இது என்றால், ஆம் என்றும் சொல்ல முடியாது, தொடர்பே இல்லை என்றும் தள்ள முடியாது. வேர், நீர், வெயில், இலை இவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் தனியே ‘மரம்’ என்று எதுவும் மிஞ்சாது. அதற்காக மரம் பொய்யாகிவிடுமா? அதன் நிழலில்தானே உட்கார்ந்திருக்கிறோம்! ‘நான்’ என்பதும் அப்படித்தான். உடல், நுகர்வு, நினைவு, எண்ணம், அறிவு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் மாறாத உரிமையாளன் என்று ஒருவன் இல்லை. இதையே அனாத்மா என்கிறார்கள்; அதற்கு ‘எதுவுமே இல்லை’ என்று பொருள் கொள்வதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

அவள் வெகுநேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நடுவே இன்னோர் இலை விழுந்தது. இனிமை எழுவது இம்முறை எனக்குத் தெரிந்தது. கையும் கொஞ்சம் நீளத்தான் செய்தது.