கலயத்துக்குள் ஐந்து வீடியோ

தூத்துக்குடி மாவட்டத்துப் பனையேறி ஒருவருடைய நீண்ட பேட்டி எங்கள் இதழில் வெளிவந்தது. ஏறக்குறைய 3,000 சொற்கள். அதை ஐந்து குட்டி வீடியோக்களாக்கித் தரும் வேலை என் மேசைக்கு வந்தது. இப்படிப்பட்ட வேலையில் எல்லோருடைய கையும் முதலில் கத்தரிக்கோலைத்தான் தேடும். கட்டுரையில் ஐந்து துணைத்தலைப்புகள் இருக்கின்றன, தலைப்புக்கு ஒன்றாக வெட்டினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் கட்டுரை படிப்பவர் மேலிருந்து கீழே வருகிறார். வீடியோ பார்ப்பவரோ மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நான்கும் இருப்பதே அவருக்குத் தெரியாது. "முன்பு சொன்னதுபோல", "அந்த முறையில்" என்றெல்லாம் வரும் இடங்களில் அவர் தொலைந்துபோவார்.

அதனால் நான் பத்திகளைத் தேடுவதில்லை, கேள்விகளைத் தேடுகிறேன். முன்பின் எதுவும் தெரியாத ஒருவர் கேட்கக்கூடியதாகவும், ஒரு நிமிடத்தில் பதில் முடிவதாகவும் அந்தக் கேள்வி இருக்க வேண்டும். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு என்று கையோடு சொல்லிவிடுகிறேன். தமிழில் சொற்கள் நீளமானவை. மூச்சுவிட்டுப் பேசினால் நிமிடத்துக்கு 100 முதல் 120 சொற்கள்தான் போகும். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது. ஆனால் இடம் கிடைத்தது என்பதற்காக நீட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே கேள்விக்கு மூன்று நிமிடம் தேவைப்பட்டால், பெரும்பாலும் அதற்குள் இரண்டாவது கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும்.

பேட்டியிலிருந்து தேறிய கேள்விகள் இவை. கலயத்துக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள்? ஒருநாள் பாளை சீவாவிட்டால் என்ன ஆகும்? கருப்பட்டி பதத்துக்கு வந்துவிட்டதை எப்படி அறிவது? கலப்படக் கருப்பட்டியைக் கண்டுபிடிக்க முடியுமா? நான்குதான் வந்தன. ஐந்தாவதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கட்டுரையில் அந்தப் பகுதி, பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பதில் தொடங்கி, தென் மாவட்டங்களின் வறட்சியைத் தொட்டு, நான்காவது வாக்கியத்தில்தான் சுண்ணாம்புக்கு வருகிறது. எழுத்தில் அது அழகான நடை. வீடியோவில் அந்த நான்கு வாக்கியத்துக்குள் ஆள் போய்விடுவார். நான் எழுதிய தொடக்கம் இது: "கலயத்துக்குள்ளே வெள்ளையாக இருக்கிறதே, அது சுண்ணாம்பு. அது இல்லாவிட்டால் இதில் நிறைவது கள்." இரண்டும் குட்டி வாக்கியங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியம் கேட்பவரை முடிவுவரை காக்க வைக்கும். கண் திரும்பிப்போய்ப் படிக்கும், காது திரும்பிப்போகாது.

அடுத்து காரணம். பாளையிலிருந்து சொட்டும் நீர் இனிப்பானது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த இனிப்பைச் சில மணி நேரத்தில் புளிக்க வைத்துக் கள்ளாக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த நுண்ணுயிர்களை அடக்குகிறது, பதநீர் பதநீராகவே இறங்குகிறது. அதன் பிறகு பனையேறியின் குரலிலேயே ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்பு கூடிவிட்டால் பதநீர் காரலடிக்கும். அவர் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் காட்சியோடு நிறுத்தினேன். "இதுவே பனையேறிகளின் அறிவு" என்று ஒரு வரி முதலில் இருந்தது, அடித்துவிட்டேன். அவர் முகத்திலேயே அது தெரிகிறது.

ஸ்கிரிப்டை நான் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுவேன். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதில் விழுவது. வலப்பக்கம் வரிகள் ஓடிக்கொண்டிருக்க இடப்பக்கம் காலியாகக் கிடந்தால், அது இன்னும் கட்டுரைதான். பாளை சீவும் ஸ்கிரிப்டில் இந்தத் தொல்லை வந்தது. பாளையின் நுனியைத் தாள்போல் மெல்லியதாகச் சீவிக்கொண்டே இருந்தால்தான் நீர் சொட்டும். விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைபடும். இதைச் சொல்ல ஐந்து வாக்கியம் வைத்திருந்தேன், கையில் இருந்ததோ தரையிலிருந்து எடுத்த படம். மரத்தின் உச்சியில் அவர் ஒரு புள்ளி. கீழே இறங்கிய பிறகு ஒரு பாளையைத் தரையில் வைத்துச் சீவிக் காட்டச் சொல்லி எடுத்துவந்தோம். அந்தப் படம் கிடைத்ததும் ஐந்து வாக்கியம் இரண்டாகச் சுருங்கியது.

மிகுந்த நேரம் எடுத்தது கலப்படம்தான். "உடைத்தால் உள்ளே பளபளவென்று மின்னினால் சீனி கலந்தது" என்று பேட்டியின் நடுவில் ஓரிடத்தில் சொல்கிறார். வீடியோவுக்கென்றே செய்து வைத்தது போன்ற வரி. அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு பக்கம் தள்ளி, வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, கை தேர்ந்தவர்கள் கலந்தால் தமக்கே தெரியாது என்கிறார். கட்டுரையில் இரண்டும் இருப்பதால் சேதமில்லை. முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்தால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயாலேயே சொல்ல வைத்ததாகிவிடும். நேர்மையாகக் கருப்பட்டி காய்ச்சுபவர் ஒருவருடைய சரக்கு எதனாலோ கொஞ்சம் மின்னிவிட்டால், அதை வாங்கியவர் அவரைச் சந்தேகப்படுவார்.

பேட்டியை வெட்டும்போது முதலில் உதிர்வது இந்த "ஆனால்"கள்தான். அவை பெரும்பாலும் தள்ளித்தான் நிற்கும், மனிதர்கள் யோசித்த பிறகுதான் திருத்திச் சொல்வார்கள். ஆகவே ஒரு வரியை எடுப்பதற்குமுன், பேட்டி முழுவதிலும் அதே பொருளை எங்கெல்லாம் தொடுகிறார் என்று பேனாவால் கோடிட்டுவிடுகிறேன். இங்கே "ஆனால்" தொடக்கத்துக்கே வந்தது. "இத்தனை வருடம் காய்ச்சுகிறேன், கலப்படத்தை எனக்கே சில நேரம் கண்டுபிடிக்க முடியாது" என்று அவர் முகத்தோடு ஆரம்பம். பளபளப்பு அதற்குப் பின்னால், சந்தேகத்துக்கு ஓர் அடையாளமாக மட்டும். முடிந்த வீடியோவை அவருக்கு அனுப்பினேன். "இப்படிப் போடு தம்பி, இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரனே என்னிடம் சண்டைக்கு வருவான்" என்றார் அண்ணாச்சி.

ஐந்தாவதுக்கு வருகிறேன். கட்டுரையில் மிச்சமிருந்த பெரிய பகுதி கள் தடையைப் பற்றியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அண்ணாச்சி அதில் விவசாயிகளின் பக்கம், காவல்துறையின் கெடுபிடி, குடியால் கெட்ட வீடுகள் என்று எல்லாவற்றையும் நிதானமாகப் பேசுகிறார். ஒரு நிமிடத்தில் அடைத்தால் அது ஒரு பக்கத்து முழக்கமாகிவிடும். அதைத் தொடவில்லை, கட்டுரையிலேயே இருக்கட்டும் என்றேன். ஐந்து வேண்டும் என்றவர்களுக்கு இது உவப்பாக இல்லை.

பிறகு கட்டுரையை மூடிவிட்டு ஒலிப்பதிவை முழுவதும் கேட்டேன். எழுதியவர் திருத்தமாக எழுதுபவர், தடுமாற்றங்களையும் குறுக்குப் பேச்சையும் நீக்கியிருந்தார். நீக்கிய இடங்களில் ஒன்றில் அண்ணாச்சியின் மனைவி குறுக்கிடுகிறார். எட்டு லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி என்று அண்ணாச்சி கணக்குச் சொல்ல, "உங்களுக்கென்ன, இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். அந்த எட்டையும் ஒன்றாக்க விறகு எவ்வளவு என்று சொல்லுங்கள்" என்கிறார் அந்த அம்மா. அண்ணாச்சிக்குப் பதில் தெரியவில்லை, சிரிக்கிறார்.

ஐந்தாவது கேள்வி அதுதான்: ஒரு கிலோ கருப்பட்டிக்குள் எவ்வளவு விறகு? பதில் சொல்பவர் அந்த அம்மா. அடுப்படியில் எடுத்த படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. கேமராக்காரரை மறுபடி அனுப்ப ஒப்புதல் கேட்டு எழுதினேன், சீசன் முடிவதற்குள் கிடைத்தது.