ஏழு மாதத்தில் ஏழு ஸாரி

அக்காவோடு போட்ட ஒரு சண்டை எப்போது நடந்தது என்று பார்ப்பதற்காக, எங்கள் வாட்ஸப் உரையாடலில் 'ஸாரி' என்று தேடினேன். ஏழு மாதத்தில் ஏழு ஸாரி வந்து நின்றது. எல்லாம் நான் அனுப்பியவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 27 நாள், 28 நாள், 29 நாள். பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அக்காவிடம் காட்டினேன். "எல்லாருக்கும் இருக்கறதுதானேடி, எனக்கும் அந்த நாலு நாள் எரிச்சலாத்தான் இருக்கும்" என்றாள். பல வருடம் நான் மாட்டிக்கொண்டிருந்தது இந்த இடத்தில்தான். அவளுக்கு நடப்பதற்கும் எனக்கு நடப்பதற்கும் எங்களிடம் இருந்தது ஒரே சொல், எரிச்சல்.

முதலில் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார், இரண்டும் சரியாக இருந்தன. ஹார்மோன் அளவையும் பார்த்துவிடலாமே என்று நானே கேட்டேன். அதனால் பயன் இல்லை என்றார். பீரியட்ஸுக்கு முன் வரும் சாதாரணத் தொல்லையான பி.எம்.எஸ். உள்ளவர்களுக்கும், வாழ்க்கையையே முடக்கும் அதன் கடுமையான வடிவமான பி.எம்.டி.டி. உள்ளவர்களுக்கும் அந்த அளவுகள் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் ஏறி, பிறகு இறங்குகிறது. அதிலிருந்து உடம்பு தயாரிக்கும் ஒரு பொருள் பொதுவாக மூளையை அமைதிப்படுத்தும். சிலருடைய மூளை மட்டும் அதன் ஏற்ற இறக்கத்துக்குப் பதற்றமும் கோபமுமாகப் பதில் சொல்கிறது. ஆக, வேறுபாடு ரத்தத்தில் இல்லை, பரிசோதனையில் சிக்காது. "ரெண்டு சுழற்சிக்கு தினமும் எழுதிட்டு வாங்க, அதுதான் டெஸ்ட்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். என் ஸாரி கணக்கைச் சொன்னேன். நல்ல துப்பு, ஆனால் பின்னோக்கிப் பார்ப்பது போதாது என்றார்.

தாளில் இடப்பக்கம் அறிகுறிகள், மேலே நாட்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் துளியும் இல்லை, 6 என்றால் மிகக் கடுமை. கடைசி மூன்று வரிகள் அறிகுறிகளைப் பற்றியவை அல்ல: இன்று வேலை கெட்டதா, மற்ற ஈடுபாடுகள் கெட்டதா, உறவு கெட்டதா என்பவை. என்னைக் காட்டிக்கொடுத்தது அந்த மூன்று வரிகள்தான். அக்காவும் துணைக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டாள்.

முதல் மாதம் நடுவில் நான்கு நாள் எழுதாமல் விட்டு, ஐந்தாம் நாள் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பினேன். எல்லாமே 5. அன்றைய மனநிலையை நேற்றைக்கும் முந்தாநாளுக்கும் பூசிவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. அந்த மாதத்தைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கினேன். அப்புறம் இரவில் பல் தேய்த்த கையோடு எழுதிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு சுழற்சி முடிந்ததும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அக்காவுடையதில் மார்பு வலியும் வயிற்று உப்புசமும் 4 வரை போயிருந்தன, என்னுடையதைவிட அதிகம். எரிச்சல் இரண்டு நாள் 3. கடைசி மூன்று வரிகள் மாதம் முழுக்க 1. என்னுடையதில், ரத்தப்போக்கு தொடங்கும் நாளை 1 என்று எண்ணினால், 6ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள் வரை ஒன்றும் இரண்டுமாகத்தான் இருந்தது. 19ஆம் நாள் கோபம் 4. 23ஆம் நாளிலிருந்து கோபம், திடீர் அழுகை, எதற்கும் வழியில்லை என்ற எண்ணம், தூக்கமின்மை, கவனம் நிற்காதது எல்லாம் 5, 6. ரத்தப்போக்கு தொடங்கிய நாள் மதிப்பெண் 4, மூன்றாம் நாள் 1. யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இருந்தது. வேலை, உறவு இரண்டு வரியிலும் அந்த வாரம் முழுக்க 5.

அடுத்துப் பார்த்த மனநல மருத்துவர் முதலில் கண்ணை ஓட்டியது அந்த மோசமான வாரத்தில் அல்ல, பீரியட்ஸ் முடிந்த பிறகு வரும் வாரத்தில். அந்த வாரம் சுத்தமாக இருக்க வேண்டும். அங்கேயும் 3, 4 என்று ஓடிக்கொண்டிருந்து கடைசி வாரத்தில் ஏறினால், அது மாதம் முழுக்க இருக்கும் மனச்சோர்வோ பதற்றமோ மாதவிடாய்க்கு முன் கூடுவது. அதற்கு வைத்தியம் வேறு. அடுத்துதான் எண்ணிக்கை. பட்டியலில் உள்ள 11 அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஒன்று மன ஏற்ற இறக்கம், கோபம், மனச்சோர்வு, பதற்றம் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். வாழ்க்கையை முடக்கவும் வேண்டும். எனக்கு எல்லாமே பொருந்தியது, பி.எம்.டி.டி.தான் என்றார்.

தூங்கி எழாமலே போனால் தேவலை என்று தோன்றியதுண்டா என்றும் நேராகக் கேட்டார். உண்டு என்றேன், 25ஆம் நாள் வாக்கில். இதை மட்டும் தாள் நிரம்பட்டும் என்று வைத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார்.

அக்காவுக்கு மனசுக்கான மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. உணவையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நடை, தூக்கம், வலிக்கும் நாளில் வலி மாத்திரை, அவ்வளவுதான். தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த பி6 வைட்டமினை நிறுத்தச் சொன்னார்கள். அளவு கூடி நாளானால் நரம்பு மரத்துப்போகுமாம்.

நடையும் தூக்கமும் எனக்கும் நல்லதுதான், ஆனால் 6 என்ற மதிப்பெண்ணை அவை அசைக்கவில்லை. டிரோஸ்பிரனோன் கலந்த கருத்தடை மாத்திரை ஒரு வழி. எனக்குக் கண்ணில் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை கூடாது என்று அது கழிந்தது. சினைப்பையை ஓய வைக்கும் ஊசியெல்லாம் மற்றவை பலிக்காவிட்டால்தான். கடைசியில் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை 50 மில்லிகிராம், அதுவும் 14ஆம் நாள் தொடங்கி பீரியட்ஸ் வரும்வரை மட்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யப் பல வாரம் ஆகும் என்று கேள்விப்பட்டிருந்ததால் இரண்டு வாரத்தில் என்ன ஆகும் என்று சந்தேகப்பட்டேன். பி.எம்.டி.டி.க்கு அது சில நாட்களிலேயே பிடிக்கிறதாம். முதல் மூன்று நாள் குமட்டல் இருந்தது, அப்புறம் இல்லை. தாம்பத்திய ஆசை குறையலாம் என்பதை மருத்துவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார், எனக்குக் கொஞ்சம் குறையத்தான் செய்தது.

மூன்று மாதத் தாளில் 5, 6 எல்லாம் 2, 3 ஆக இறங்கியிருந்தது. உப்புசம் மட்டும் அப்படியே. கூடவே நான்கு முறை ஆலோசகரிடம் பேசினேன். 20ஆம் நாளுக்குப் பிறகு எழுதும் நீளமான செய்தியை அனுப்பாமல் குறிப்பேட்டில் வைத்துவிட்டு, அடுத்த சுழற்சியின் 4ஆம் நாள் படித்துப் பார்ப்பது என்று அங்கே முடிவு செய்தோம். இதுவரை வைத்த ஐந்தில் ஒன்றை அனுப்பினேன். அதில் சொல்லியிருந்த குறை நியாயமானதுதான். பி.எம்.டி.டி. இருப்பதால் என் கோபமெல்லாம் பொய் என்று ஆகிவிடாதே.

நான்காம் மாதம் ஒரு தவறு நடந்தது. வேலை நெருக்கடியில் 14ஆம் நாளைத் தவறவிட்டு 20ஆம் நாள்தான் மாத்திரையைத் தொடங்கினேன். அந்த மாதம் சுழற்சியும் 25 நாளில் முடிந்துவிட்டது. 22, 23 இரண்டு நாளும் கோபம் 5. அக்காவுக்கு ஒரு ஸாரி போனது. இப்படிச் சுழற்சி முன்பின்னாக ஆகிறவர்கள் மாதம் முழுக்கவே மாத்திரை எடுக்கலாம் என்கிறார் மருத்துவர். இன்னும் இரண்டு மாதத் தாளைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.