ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு: ஷிஃப்ட் ஃபில்டரை நேராக்கிய கதை

ஒரு பிரஷர் சென்சார் போர்டின் ஃபர்ம்வேர் என் கைக்கு வந்தபோது அதோடு ஒரு புகாரும் வந்தது. அழுத்தத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தினால் காட்டும் அளவு குறைவாக இருக்கிறது, மேலிருந்து இறக்கி அதே இடத்துக்கு வந்தால் சரியாக இருக்கிறது. யார் கேட்டாலும் சென்சாரின் ஹிஸ்டெரிசிஸ் என்றுதான் சொல்வார்கள். சென்சாரை மாற்றியும் பார்த்திருக்கிறார்கள், வித்தியாசம் அப்படியே இருந்தது.

சிப் கார்டெக்ஸ்-எம்0, 8 மெகாஹெர்ட்ஸ். மிதவைப்புள்ளிக் கணக்குக்கு ஹார்டுவேர் கிடையாது, வகுத்தலுக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷன் கிடையாது. 12 பிட் ஏடிசி, 8 சேனல், ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 1000 சாம்பிள். ஒரு சேனல் மட்டும் என்றால் float போட்டே ஓட்டிவிடலாம். அப்படி எழுதினால் மேப் ஃபைலில் `__aeabi_fmul`, `__aeabi_fadd` என்று லைப்ரரி ஃபங்ஷன்கள் வந்து உட்காரும், வேலை நடக்கும். எட்டு சேனலையும் இன்டரப்டுக்குள் float-இல் செய்தால்தான் மற்ற இன்டரப்டுகள் காத்துக்கிடக்கும். அதனால் முன்பு எழுதியவர் முழு எண்ணிலேயே முடித்திருந்தார்:

```c
y += (x - y) >> 6;
```

ஒற்றைத் துருவ லோ-பாஸ் ஃபில்டரின் மிகச் சுருக்கமான வடிவம் இது. வித்தியாசத்தில் 64-இல் ஒரு பங்கை ஒவ்வொரு சாம்பிளுக்கும் சேர்க்கிறது. டைம் கான்ஸ்டன்ட் ஏறக்குறைய 64 சாம்பிள், அதாவது 64 மில்லிசெகண்ட். கட்-ஆஃப் 1000 / (2π × 64), கிட்டத்தட்ட 2.5 ஹெர்ட்ஸ். தாளில் எல்லாம் சரிதான்.

சென்சாரை விட்டுவிட்டு `x`, `y` இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் யூஆர்ட்டில் அனுப்பிப் பார்த்தேன். `x` 2000-இல் நிற்கும்போது, கீழிருந்து ஏறிவந்த `y` 1940-ஐ ஒட்டியே நின்றுவிட்டது. மேலிருந்து இறங்கினால் 2000-க்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தது.

காரணம் அந்த ஷிஃப்டில் இருக்கிறது. `y` 1937-க்கு வந்ததும் வித்தியாசம் 63. 63-ஐ 6 பிட் வலது பக்கம் தள்ளினால் 0. சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் `y` அங்கேயே நின்றுவிடும். இறங்கும்போது வித்தியாசம் மைனஸ். ஜிசிசி-யில் மைனஸ் எண்ணின் வலது ஷிஃப்ட் கீழ்நோக்கியே முழுமையாக்கும், ஆகவே -1-ஐத் தள்ளினாலும் -1 கிடைக்கும். அதனால்தான் இறக்கம் கடைசிவரை போகிறது, ஏற்றம் மட்டும் 63 எண்ணிக்கை வரை குறைந்து நிற்கிறது. 3.3 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு அது ஏறத்தாழ 51 மில்லிவோல்ட். ஷிஃப்டுக்குப் பதில் `/ 64` போட்டால் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும், அப்போது இரண்டு பக்கமும் சிக்கும். புகார் சமச்சீராகிவிடும், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிக்னலில் இரைச்சல் இருந்தால் அதன் உச்சிகள் வித்தியாசத்தை அவ்வப்போது 64-க்கு மேலே தள்ளிவிடும், `y` இன்னும் கொஞ்சம் ஏறும். ஆக அனலாக் பக்கத்தைச் சுத்தம் செய்யச் செய்ய இந்தப் பிழை பெரிதாகத் தெரியும். வெளியே ஆர்சி ஃபில்டர் போட்ட பிறகு ரீடிங் இன்னும் மோசமானது என்று எங்கேயாவது கேள்விப்பட்டால், முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

தீர்வு என்னவென்றால், ஷிஃப்டில் தள்ளி எறிந்த 6 பிட்டை எறியாமல் வைத்துக்கொள்வது. ஃபில்டரின் நிலையை `y` அளவில் வைக்காமல் 64 மடங்காக ஒரு 32 பிட் மாறியில் வைத்தேன்:

```c
acc += x - (acc >> 6);
y = acc >> 6;
```

`x` 2000 என்றால் `acc >> 6` சரியாக 2000 ஆகும்வரை இது ஓயாது. கீழிருந்து வந்தால் `acc` 128000-இல் நிற்கும், மேலிருந்து வந்தால் 128063-இல் நிற்கும், இரண்டிலும் `y` 2000. இன்னொரு லாபமும் சேர்ந்தே வருகிறது. வெட்டிப்போன பின்னம் `acc`-க்குள்ளேயே தங்கி அடுத்த சாம்பிளில் கணக்கில் வருவதால், சிக்னல் ஆடிக்கொண்டிருந்தாலும் நீண்ட நேரச் சராசரியில் `y`-யும் `x`-உம் ஒத்துப்போகும்.

இந்த இடத்தில் பலர் கடைசி வரியை மட்டும் `(acc + 32) >> 6` என்று திருத்துவார்கள், அருகிலுள்ள முழு எண் வரட்டும் என்று. வேண்டாம். மேலிருந்து வந்த 128063-உடன் 32 சேர்த்துத் தள்ளினால் 2001 வரும், கீழிருந்து வந்தது 2000 என்றே காட்டும். பழைய நோய் ஒரு எண்ணிக்கை அளவில் திரும்பி வந்துவிட்டது. ரவுண்டிங் வேண்டுமென்றால் பின்னூட்டத்திலும் அதே கோவையைப் போட வேண்டும். வெளியே போகும் மதிப்பும் உள்ளே கழிக்கும் மதிப்பும் ஒன்றாக இருந்தால் போதும்.

`acc`-இன் அகலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 பிட்டும் 6 பிட்டும் சேர்ந்து 18, அதனால் `uint16_t` போதாது. 16 பிட்டுக்குள்தான் முடிக்க வேண்டும் என்றால் ஷிஃப்ட் 4 வரை போகலாம். 4095 × 16 + 15 = 65535, மயிரிழையில் அடங்கிவிடும்.

அப்புறம், ஷிஃப்ட் முறையில் கட்-ஆஃப் பாதி பாதியாகத்தான் கிடைக்கும்: 5, 2.5, 1.25 ஹெர்ட்ஸ். ஒரு சேனலுக்கு 3 ஹெர்ட்ஸ் கேட்டார்கள். அங்கே பெருக்கலுக்குத்தான் போக வேண்டும். குணகம் 1 − exp(−2π × 3 / 1000) = 0.01867. அதை 32768-ஆல் பெருக்கினால் 612. எம்0-இல் பெருக்கலின் கீழ் 32 பிட் மட்டுமே கிடைக்கும், மேல் பாதி கிடைக்காது. அதனால் எத்தனை பின்ன பிட் வைக்கலாம் என்பதை அதை வைத்தே முடிவு செய்தேன். 4095 × 612 கிட்டத்தட்ட 25 லட்சம். அதை 512 மடங்காக்கினால் 128 கோடி, குறியுள்ள 32 பிட்டின் எல்லையான 214 கோடிக்குள் இருக்கிறது. 1024 மடங்கானால் தாண்டிவிடும். ஆக 9 பிட்.

```c
int32_t d = (int32_t)(x << 9) - s;
s += (d * 612) >> 15;
y = (s + 256) >> 9;
```

சிக்கல் இங்கேயும் இருக்கிறது, ஆனால் தீங்கில்லாத அளவில். `d` 53 ஆனதும் பெருக்கல் 32768-ஐத் தொடாது, ஏற்றம் நின்றுவிடும். 53 / 512 என்பது ஒரு எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு, அதனால் ரவுண்டிங் செய்தபின் 2000 என்றே வருகிறது. இதில் `y` பின்னூட்டத்துக்குள் போவதில்லை, மேலே சொன்ன தொல்லையும் இல்லை.

போர்டில் ஏற்றுவதற்கு முன் இரண்டு வடிவங்களையும் கணினியில் double ஃபில்டரோடு ஒப்பிட்டேன். சைன் அலை கொடுத்துப் பார்ப்பது இதற்கு உதவாது, ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் வித்தியாசம் அதில் தனியாகத் தெரியாது. இரைச்சலே இல்லாத ஸ்டெப் உள்ளீடு கொடுங்கள்: 0-இலிருந்து 2000, 4095-இலிருந்து 2000. 1000 சாம்பிள் ஓடவிட்டு கடைசி மதிப்பை மட்டும் பாருங்கள். பழையது 1937-உம் 2000-உம் தந்தது. புதிய இரண்டும் இரு பக்கமும் 2000.

போர்டில் பாக்கி இருந்தது தொடக்கம் மட்டும். `acc` பூஜ்யத்திலிருந்து கிளம்பினால் முழு அளவுக்கு ஒரு எண்ணிக்கை நெருக்கத்தில் வர அரை நொடிக்கு மேல் ஆகிறது, அதற்குள் குறை-அழுத்த அலாரம் அடித்துவிடும். முதல் சாம்பிளை வாங்கி `acc = x << 6` என்று வைத்துவிட்டு ஃபில்டரைத் தொடங்குகிறேன். 3 ஹெர்ட்ஸ் சேனலுக்கு `s = x << 9`.