கணித சேரும் கடைசி வாங்கும்

மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் கேட்டது ஒரு பக்கம்தான். "அண்ணை, சேர் செத்ததுக்கு எல்லாரும் எழுதுகினம், நீங்களும் ஒண்டு தாங்கோ." சரி என்றேன். சேரின் கேத்திரகணிதம், வெறுங்கையால் ஒரே இழுப்பில் அவர் கரும்பலகையில் போடும் வட்டம், சைக்கிள் மணி கேட்டதும் வகுப்பே அடங்கிப்போவது எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது 1992 புரட்டாசியில் நடந்த ஒரு மூன்றாம் பாடம். அதை எழுதாமல் சேரைப் பற்றி வேறெதை எழுதினாலும் பொய்யாகிவிடும்போல இருக்கிறது.

பத்தாம் வகுப்பு. கடைசி வாங்கில் நாங்கள் நாலு பேர், யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். சேர் வட்டத்தைக் கீறிவிட்டு பெண்பிள்ளைகள் பக்கம் பார்த்து, "பிள்ளை, இஞ்ச வந்து நிறுவும்" என்றார். அவள் எழும்பவில்லை. கெட்டிக்காரி, நிறுவத் தெரியாமல் இருந்திருக்காது. சேர் இரண்டாம் முறை கூப்பிட்டார், மூன்றாம் முறை பிரம்பால் மேசையில் தட்டினார். எழும்பினாள். வெள்ளைச் சட்டையின் பின்பக்கம், உள்ளங்கையளவு இரத்தக்கறை. வகுப்பில் முதலில் சிரித்தது நான். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் வரும் ஒரு சத்தம். மற்ற மூன்று பேருக்கும் அது போதும்.

அவள் பலகைக்குப் போய் நிறுவினாள். முழுதாக. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவள் நாலு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்க அவளுக்கு எடுத்தேன். இப்போது லண்டனில் இருக்கிறாள், பேரப்பிள்ளை பார்க்கும் வயது. "எழுது. என்ர பேரைப் போடாத. அழுதனான் எண்டும் எழுதிப்போடாத, நான் அழேல்லை" என்றாள். அப்புறம் அன்றைய கதையை அவள் பக்கத்திலிருந்து சொன்னாள். எனக்குத் தெரிந்த கதைக்கும் அதற்கும் நிறைய இடைவெளி.

முதலாம் பாடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே போகக் கேட்டபோது இடைவேளைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். விட்டிருந்தாலும், மலசலகூடத் திறப்பு அலுவலகத்தில் கட்டைத்துண்டில் கட்டித் தொங்கியதும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து போகவேண்டியதும், உள்ளே தண்ணீர் இல்லை என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வேலிக்கரை இருந்தது. அதனால் அந்தத் திறப்பை நாங்கள் ஒரு கேள்வியாக யோசித்ததே இல்லை.

யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராத பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரம் கிடைக்காமல் பனங்காய் பிழிந்து உடுப்புத் தோய்த்த நாட்கள். அவளுடைய அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிதான் எல்லாம். தோய்த்த துணியை வெயிலில் போட்டால் தம்பிமார் பார்ப்பார்கள், அயலார் பார்ப்பார்கள் என்று குசினிக் கொட்டிலின் பின்னால், தாயின் பழஞ்சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவாளாம். சேலைக்கு அடியில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. புரட்டாசி மழைக்கு அரைகுறையாகக் காய்ந்த துணியை அன்று கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஈரத்துணி நன்றாக உறிஞ்சாது. உரசித் தோலும் புண்ணாகும். "தொடையெல்லாம் எரிஞ்சுகொண்டிருந்தது, அந்த எரிச்சலோடதான் உன்ர வட்டத்தை நிறுவினனான்" என்றாள். வெயிலில் ஒரு மத்தியானம் விரித்துப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். துணியைக் கெடுத்தது ஒளிப்புத்தான்.

அவளுக்கு யாராவது ஏதாவது சொல்லித் தந்திருந்தார்களா என்று கேட்டேன். சிரித்தாள். பெரியபிள்ளை ஆன அன்று பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள், உழுத்தங்களி கிண்டினார்கள், மூலையில் இருத்தினார்கள், மாமி தண்ணி வார்த்தா, தலைமாட்டில் வேப்பிலையும் இரும்புத்துண்டும். பிறகு சாமத்திய வீடு, ஊரைக் கூட்டி, படம் பிடித்து. அடுத்த மாதம் அதே விஷயம் வந்தபோது "வெளியில தெரியக்கூடாது" என்று ஒரு சொல். கிணற்றடிக்கு எப்போது போகலாம், சாமியறைக்கு எத்தனையாம் நாள், ஊறுகாய்ச் சாடியைத் தொடாதே. எது எதைத் தொடக்கூடாது என்று முழுதாகத் தெரியும், உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு சொல் தெரியாது. இரத்தம் முழுவதும் வடிந்து செத்துப்போவேனோ என்று இரண்டு வருஷம் பயந்திருக்கிறாள். விஞ்ஞானப் புத்தகத்தில் அந்தப் பாடத்தை ரீச்சர் "வீட்டில வாசியுங்கோ" என்று தாண்டியது எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

நாங்கள் பெடியள் எங்கே படித்தோம்? நான் வீட்டில்தான் படித்தேன். அக்காவுக்கு "மாதச் சுகயீனம்" வந்தால் வேறு பாய், வேறு கோப்பை. அம்மா கெட்டவ இல்லை, தனக்குச் செய்ததை மகளுக்குச் செய்தா. "அக்காவுக்குத் துடக்கு, முட்டாத" என்பா. ஏன் என்று கேட்டால், "உனக்குத் தேவையில்லாத கதை." எட்டு வயதில் எனக்கு அது ஒரு விளையாட்டு. அக்கா சண்டை பிடித்தால் "துடக்கு, துடக்கு" என்று கத்திவிட்டு முற்றத்தில் ஓடுவேன், அவளால் என்னைத் துரத்தித் தொட முடியாது. தொட்டால் அவளுக்குத்தான் ஏச்சு. என்னைவிட ஐந்து வயது மூத்தவளை வாயடைக்க வைக்கும் ஒரு சொல்லை வீடே என் கையில் தந்திருந்தது. வகுப்பில் வந்த அந்த மூக்குச் சத்தம் அந்த முற்றத்தில் பழகியது.

எனக்கு ஒரு மகள், ஒரு மகன், இரண்டு வயது வித்தியாசம். மகளுக்குப் பத்து நடக்கும்போது மனைவி, "இரண்டு பேருக்கும் ஒண்டாச் சொல்லுவம், நீங்களும் இருக்கவேணும்" என்றா. நான் கடைக்குப் போகிறேன் என்று பார்த்தேன். விடவில்லை. குசினி மேசையில் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்து மேசைக்கரண்டியால் தண்ணீர் அளந்து ஊற்றினா. இரண்டு, மூன்று கரண்டி. "அஞ்சாறு நாளில மொத்தமாப் போறது பெரும்பாலும் இவ்வளவுதான்." மகன் எட்டிப் பார்த்து "இவ்வளவுதானா?" என்றான். நானும் அதையேதான் நினைத்தேன், நாற்பது வயதில். குழந்தைக்கென்று கருப்பை ஆயத்தம் செய்த உட்படலம், தேவைப்படாததால் கழன்று வருகிறது. அதை வெளியே தள்ள கருப்பை இறுகுவதால்தான் வயிற்றுக்குத்து. முதல் ஓரிரு வருஷம் நாள் கணக்குச் சரியாக வராது, அதனால் பையில் எப்போதும் ஒன்று இருக்கவேணும். ஒரு பாட் ஒரு மணித்தியாலத்தில் நனைந்து, அப்படியே மணிக்கணக்காகத் தொடர்ந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ, நோவால் பள்ளிக்கூடமே போக முடியாவிட்டாலோ டொக்டரிடம் போகவேணும், பொறுத்துக்கொண்டு இருக்கக்கூடாது. இவ்வளவுதான். கால் மணித்தியாலம்.

கதைப்பது சுகம், செய்வதுதான் கஷ்டம். சாமான் துண்டில் 'பாட்' என்றே எழுதுவது, குளியலறையில் மேல்தட்டில் எல்லாருக்கும் தெரியும்படி வைப்பது, தீர்ந்துபோனால் யார் கடைக்குப் போகிறார்களோ அவர்களே வாங்குவது என்று மனைவி வழக்கமாக்கினா. முதல் தரம் இங்கே கனடாவில், ஸ்காபரோக் கடையில் நான் அதை அரிசிப் பைக்கு அடியில் வைத்துத் தள்ளுவண்டியை உருட்டினேன். மகன் எடுத்து மேலே வைத்தான், "அப்பா, பெட்டி நசியுது." ஊர்க் கடைக்காரர் அதைப் பத்திரிகைத்தாளில் சுற்றித் தருவாரே, அந்தத் தாள் என் தலைக்குள் இன்னும் இருந்தது.

சட்டையில் கறை கண்டால் என்ன செய்வது என்றும் மனைவி அவனுக்குச் சொல்லித் தந்தா. கிட்டப் போய் மெதுவாகச் சொல்லு, கட்டிக்கொள்ள ஸ்வெற்றர் கொடு, அவள் கிளாஸ்மேட் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் அவளிடம் சொல்லு, பிறகு ஒருவருக்கும் சொல்லாதே. நல்லாய்ப் படித்தான், அளவுக்கு மீறியே. ஒருநாள் அக்கா கோபத்தில் கதவைச் சாத்த, இவன் அன்பாக, "அக்கா, உனக்கு பீரியட்டா? சுடுதண்ணிப் போத்தல் வேணுமா?" என்றான். வீடே அதிர்ந்தது. "என்ர ரீஷேர்ட்டைக் கேக்காம எடுத்ததுக்குத்தான் கோவம்!" என்றாள். அன்று இரவு மகள் போட்ட சட்டம் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது: நான் சொன்னால் உதவி செய், நான் சொல்லாவிட்டால் கேளாதே, என் கோபத்துக்கு அதைக் காரணம் சொல்லாதே. நான் முற்றத்தில் கத்திய அதே சொல்லைத்தான் மகன் அன்பான குரலில் சொல்லியிருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா எங்களோடுதான் இருக்கிறா. சாமியறைக்குப் போவதா இல்லையா என்பதைப் பேத்தியே முடிவுசெய்வாள் என்று விட்டோம். அம்மா முதலில் முகத்தைத் தூக்கினா. இப்போது அவள் விளக்கேற்றும் நாளில் நாள் கணக்குப் பார்ப்பதில்லை, அல்லது பார்த்துவிட்டுச் சொல்வதில்லை.

சேருக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் அவள் திரும்பி வந்தபோது சேர் வகுப்புக்குள் வந்ததும் வராததுமாக, "இனிமேல் பொம்பிளைப் பிள்ளையள் வெளியில போறதுக்கு என்னட்டைக் கேக்கத் தேவையில்லை. எழும்பிப் போகலாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. நாங்கள் கொதித்தோம். சேருக்குப் பெட்டையள் எண்டால் ஒரு இது என்று பட்டமும் வைத்தோம், அந்தப் பட்டம் இந்த மலரில் எங்காவது பகிடியாக வரத்தான் போகிறது. அந்தத் திறப்புக்கட்டையும் அலுவலகத்திலிருந்து எங்கள் வகுப்புக் கதவடிக்கு வந்தது. அதை ஆணியடித்துத் தொங்கவிட்டது சேர் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளிடம் ஒரு மன்னிப்பு அவர் கேட்டதில்லை. எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு ஒரு சொல் சொன்னதும் இல்லை. பிரம்புக்குச் சொல் தெரிந்த மனிசனுக்கு இதற்குச் சொல் இருக்கவில்லை. ஆனாலும் அந்த ஆணியை நினைத்தால் அவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

தொலைபேசியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சிரிச்சது நீதான் எண்டு அண்டைக்கே தெரியும். உன்ர மூக்குச் சத்தம் எனக்குத் தெரியாதே?" என்றாள். பிறகு, "உன்ர அக்கா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டாள்.

அக்கா ஊரில்தான் இருக்கிறா. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு நான் வெளிக்கிட்டேன், அவ வீட்டைப் பார்க்க நின்றா, அப்படியே நின்றுவிட்டா. அன்றிரவே எடுத்தேன், அங்கே விடிந்து கொஞ்ச நேரம். "என்னடா இந்த நேரத்தில, ஆருக்கும் ஏதும் சுகமில்லையே?" என்று பதறினா. இல்லை அக்கா, சும்மா என்றேன். கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். மாரி பிந்திப்போச்சு, இன்னும் ஊறவில்லை என்றா. இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது என்றேன். அரை மணித்தியாலம் மழையையும் பனியையும் பற்றிக் கதைத்துவிட்டு வைத்தேன்.