வினா வங்கிப் படங்களை அட்டவணையாக்கும்போது K நிலையைக் கடைசியில் எழுதுங்கள்

தக்கலைப் பக்கம் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில், மெக்கானிக்கல் துறையில் பாடம் எடுக்கிறேன். போன பருவத்தில் 'பொருள்களின் வலிமை' பாடத்தின் வினா வங்கியை அட்டவணையாக்கித் தரும் வேலை எனக்கு வந்தது. கையில் கொடுத்தது 64 போட்டோக்கள். பழைய ஸ்பைரல் புத்தகம் ஒன்றை மூன்று பேர் பங்கு போட்டு, ஆளுக்கொரு போனில் எடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து வினாத்தாள் தயாரிக்க வருபவருக்கு, ஒவ்வொரு கேள்விக்கும் அலகு, மார்க், K1 முதல் K6 வரை குறிக்கும் சிந்தனை நிலை மூன்றும் ஒரே வரிசையில் தெரிய வேண்டும்.

எங்கள் வினாத்தாளில் 2 மார்க் கேள்விகள் பத்து, 13 மார்க் கேள்விகள் ஐந்து, 15 மார்க் கேள்வி ஒன்று. 13 மார்க் கேள்வி அலகுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. அந்த இரண்டு பக்கமும் ஒரே அலகாகவும் ஒரே நிலையாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மனப்பாடம், மறுபக்கம் கணக்கு என்று வந்துவிட்டால், இரண்டு மாணவர்கள் வெவ்வேறு தேர்வு எழுதியது போல ஆகிவிடும். ஆக, தயாரிப்பவர் அட்டவணையிடம் கேட்கும் கேள்வி இப்படித்தான் இருக்கும்: "இரண்டாம் அலகில், 13 மார்க்கில், K3 கேள்விகள் எத்தனை இருக்கின்றன?" இதற்குச் சரியான பதில் வர வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற எல்லா வேலையும்.

படங்கள் வாட்ஸ்அப்பில் வந்ததால் கோப்புப் பெயர்கள் மாறி, வரிசையும் கலைந்திருந்தது. தட்டச்சு தொடங்கும் முன்பே, பக்க எண்ணைப் பார்த்து P01 முதல் P64 வரை பெயர் மாற்றினேன். அட்டவணையின் முதல் நெடுவரிசை அந்த எண்தான். பின்னால் சந்தேகம் வந்தால் நேரே படத்துக்குப் போய்விடலாம்.

அலகில் சிக்கல் எங்கே வருமென்றால், தலைப்பு முதல் பக்கத்தில் மட்டும் இருக்கும், நடுப்பக்கங்களில் இருக்காது. இந்தப் பாடத்தில் இரண்டாம் அலகும் உத்தரம், நான்காம் அலகும் உத்தரம். "6 மீட்டர் நீளம், மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் சுமை" என்ற தொடக்கம் இரண்டிலும் வரும். எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று கடைசி வரியைப் பாருங்கள். வளைவுத் திருப்புத்திறன், வளைவுத் தகைவு என்றால் இரண்டு. சரிவு, தொய்வு என்றால் நான்கு. இன்னொரு தடயமும் உண்டு. தொய்வை எண்ணாகக் கண்டுபிடிக்க E எனப்படும் யங் குணகம் வேண்டும், வளைவுத் தகைவுக்கு அது தேவையில்லை. ஆக, கேள்விக்குள் E மதிப்பு கொடுத்திருந்தால் நான்காம் அலகா என்று ஒருமுறை பார்ப்பேன்.

அந்த E மதிப்பில்தான் பெரிய தவறு ஒளிந்திருந்தது. படத்திலிருந்து எழுத்தை எடுக்க, கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தேன். வாக்கியங்கள் ஓரளவு சரியாக வந்தன. ஆனால் மேலே சிறிதாக இருக்கும் எண் கீழே இறங்கிவிடுகிறது: `2 × 10⁵ N/mm²` என்பது `2 × 105 N/mm2` ஆகிவிட்டது. எஃகுக்கு 210 என்று நம்பி ஒரு மாணவர் கணக்குப் போட்டால் தொய்வு ஆயிரம் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெருகி வரும். அதனால் தட்டச்சு முடிந்ததும் `105`, `106` என்று தேடி, கிடைத்த ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டேன்.

மார்க்கை எழுதுவது சுலபம் என்றுதான் நினைத்தேன். 8, 5 என்று இரண்டு உட்பிரிவு உள்ள கேள்விக்கு `8-5` என்று அடித்தேன். விரிதாள் அதைத் தேதியாக மாற்றிவிட்டது. அதன்பிறகு உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனி வரி கொடுத்தேன். மொத்த மார்க் நெடுவரிசையில் 13 என்பதை முதல் உட்பிரிவின் வரியில் மட்டும் போட்டேன். இரண்டிலும் போட்டால் ஒரு கேள்வி இரண்டாக எண்ணப்படும்.

அடுத்தது நிலை. K1 நினைவுகூர்தல், K2 புரிதல், K3 பயன்படுத்தல், K4 பகுத்தல், K5 மதிப்பிடுதல், K6 உருவாக்கல். எந்த வினைச்சொல்லுக்கு எந்த நிலை என்று ஒரு பட்டியல் எல்லாத் துறையிலும் சுற்றும். நானும் அதை வைத்தே முதல் சுற்றில் நிரப்பினேன். ஒரே மாலையில் முடிந்தது. அதை எங்கள் துறையின் மூத்த டீச்சரிடம் காட்டினேன். அவர் இரண்டாம் அலகில் மூன்று வரிகளைத் தொட்டுக் காட்டி, "மக்களே, இதெல்லாம் நீ கிளாஸ்ல என்ன செய்து காட்டின?" என்று மட்டும் கேட்டார்.

முதல் வரி: "வளைவுச் சமன்பாட்டைத் தருவி. 13 மார்க்." பட்டியலில் 'தருவி' K4-இல் இருந்ததால் K4 போட்டிருந்தேன். ஆனால் அந்தத் தருவிப்பு பாடநூலில் அப்படியே இருக்கிறது, வகுப்பிலும் வரிவரியாக எழுதிப் போட்டேன். மாணவர் அதைத் திரும்ப எழுதுகிறார். K2-க்கு மேலே போகாது.

இரண்டாவது: மேலே சொன்ன அதே உத்தரம், இரு முனையிலும் தாங்கியது, குறுக்குவெட்டு 150 × 300 மில்லிமீட்டர், பெரும வளைவுத் தகைவைக் காண். திருப்புத்திறன் 20 × 36 / 8 = 90 கிலோ நியூட்டன் மீட்டர். குறுக்குவெட்டுக் குணகம் 150 × 300² / 6 = 22,50,000 கன மில்லிமீட்டர். தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன். தெரிந்த சூத்திரத்தைப் புது எண்களில் போடுகிறார்கள், K3 சரி.

மூன்றாவது கேள்வியிலும் உத்தரமும் சுமையும் அவையே. ஆனால் 150 × 300 வெட்டை நிமிர்த்தி வைப்பதா, படுக்க வைப்பதா, அனுமதித்த தகைவு 60 என்றால் எது தாங்கும், காரணத்தோடு சொல் என்கிறார்கள். 'காண்க' என்ற சொல்லும் இருந்ததால் நான் K3 போட்டிருந்தேன். படுக்க வைத்தால் குணகம் பாதியாகிறது, தகைவு 80 ஆகிறது, அனுமதியைத் தாண்டுகிறது. இரண்டு நிலையையும் ஒப்பிட்டு, உயரம் ஏன் இருமடியாக வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வகுப்பில் இதைச் செய்து காட்டவில்லை. அதனால் K4.

அன்று முதல் வினைச்சொல்லைக் கடைசியில்தான் பார்க்கிறேன். இந்த விடை பாடநூலிலோ குறிப்பிலோ அப்படியே கிடைக்கிறதா? இல்லையென்றால், எந்தச் சூத்திரம் என்று கேள்வியே சொல்லிவிடுகிறதா, மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டுமா? இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் பெரும்பாலான வரிகள் இடத்தில் உட்கார்ந்துவிடும். அலகும் மார்க்கும் முழுதாக முடிந்தபிறகே நிலையைத் தொடுங்கள். ஓர் அலகின் கேள்விகளைச் சேர்த்துப் படித்தால்தான் எது எதைவிடக் கடினம் என்று தெரிகிறது. பாடம் எடுத்தவர் வேறொருவர் என்றால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் இதைச் செய்ய முடியும்.

இரண்டாம் சுற்று முடிய நான்கு நாள் ஆனது. அலகு C, மொத்த மார்க் E, நிலை F நெடுவரிசையில் இருக்க, எண்ணிக்கை இப்படி வரும்:

```
=COUNTIFS(C:C,2,E:E,13,F:F,"K3")
```

உட்பிரிவுகள் வேறு வேறு நிலையில் இருந்தால், மார்க் அதிகமுள்ள பிரிவின் வரியில் 13-ஐ மாற்றிப் போட்டேன்.

முதல் சுற்றில் இந்த வாய்ப்பாடு 11 என்றது. திருத்தியபின் 6. அதாவது மூன்று ஜோடிகள்தான் தேறும். ஐந்தாம் அலகில் K4 ஒன்றே ஒன்று இருந்தது, ஜோடியே கிடையாது. அந்த இடத்தை மஞ்சள் நிறமாக்கி, 'அல்லது பக்கத்துக்குக் கேள்வி இல்லை' என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து டீச்சர், அந்த அலகின் தடித்த உருளைப் பகுதியில் மூன்று புதுக் கேள்விகளைக் கையால் எழுதிக் கொடுத்தார். அவற்றுக்குப் போட்டோ எண் இல்லாததால் P65 என்று அந்தத் தாளையும் படமெடுத்துச் சேர்த்தேன்.